முதல் பத்துக் கதைகள்

கதைகளும் கட்டுரைகளும் படிக்கிற ஒரு தமிழ் ஆப்பில், பரிந்துரைப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். ஒரு வாசகருக்கு அடுத்து எந்தக் கதையைக் காட்டுவது என்பதுதான் அந்தப் பிரிவின் அன்றாட வேலை. பழைய வாசகர் என்றால் அதற்குத் தெளிவான வழி உண்டு. அவர் படித்தவற்றைப் படித்த மற்றவர்கள் வேறு எதையெல்லாம் படித்தார்கள் என்று பார்த்தால், பாதி விடை கிடைத்துவிடும். இப்போதுதான் கணக்குத் தொடங்கியவருக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. அவர் எதையும் படிக்கவில்லை, எதையும் தள்ளிவிடவும் இல்லை. எங்கள் தொழிலில் இதைக் கோல்ட் ஸ்டார்ட் என்போம்.

அவரிடமிருந்து கிடைப்பது ஒன்றே ஒன்று. கணக்குத் தொடங்கியதும் ஒரு பக்கம் வரும், அதில் இருபத்து நான்கு தலைப்புகள் கட்டம் கட்டமாக இருக்கும். சரித்திரம், குடும்பம், பேய்க்கதை, சமையல், ஆன்மிகம் என்று போகும் அந்தப் பட்டியலில் பிடித்தவற்றைத் தொட்டுவிட்டு ‘தொடர்க’ பொத்தானை அழுத்துவார். அடுத்த நொடி முகப்பில் பத்துக் கதைகள் வந்து நிற்க வேண்டும். அந்த இரண்டு மூன்று தொடுதல்களிலிருந்து பத்துக் கதைகளுக்கு எப்படிப் போகிறோம் என்பதைத்தான் எழுத நினைக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால், சமையலைத் தொட்டவருக்குச் சமையலைக் காட்டினால் முடிந்தது என்று தோன்றும். அப்படிச் செய்தால் வருகிற பட்டியல் பெரும்பாலும் மோசமாகவே இருக்கும்.

முதலில், என்ன கேட்பது என்பதே ஒரு கேள்வி. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் குரூப்லென்ஸ் என்ற ஆய்வுக் குழு 1997 முதல் மூவிலென்ஸ் என்ற திரைப்படப் பரிந்துரைத் தளத்தை நடத்திவருகிறது. அங்கே புதிதாகச் சேர்ந்தவர் பதினைந்து படங்களுக்காவது மதிப்பெண் போட்ட பிறகுதான் பரிந்துரை தொடங்கும் என்று வெகுகாலம் வைத்திருந்தார்கள். எந்தப் படங்களைக் காட்டி மதிப்பெண் கேட்பது என்று 2002இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு, இந்த வேலைக்கு வரும் எவரும் படிக்க வேண்டிய ஒன்று. ரசிகர்களின் கருத்து அதிகம் பிளவுபட்ட படங்களைக் கேட்டால் ஒருவரின் ரசனை சீக்கிரம் பிடிபடும் என்று கணக்கு சொல்லும். ஆனால் அப்படிப்பட்ட படங்களில் பெரும்பாலானவற்றைப் புதியவர் பார்த்தே இருக்கமாட்டார், பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போவார். எல்லோரும் பார்த்த படங்களைக் கேட்டால் பதில் உடனே வரும், ஆனால் எல்லோருக்கும் பிடித்த படத்தை இவருக்கும் பிடித்திருக்கிறது என்பதில் புதிதாகத் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. பலரும் பார்த்திருக்க வேண்டும், அவர்களுக்குள் கருத்து வேறுபாடும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் கேள்விக்குப் பயன் உண்டு. பின்னாளில் மூவிலென்ஸ் தனித்தனிப் படங்களை விட்டுவிட்டு, படங்களைக் குழுக்களாகக் காட்டி, பிடித்த குழுக்களுக்குப் புள்ளிகளைப் பகிர்ந்து தரச் சொல்லும் முறைக்கு மாறியது. எங்கள் தலைப்புக் கட்டங்களும் அந்த வழியைச் சேர்ந்தவைதான்.

இதே கணக்கு தலைப்புக்கும் பொருந்தும். கணக்கு புரிவதற்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். நூறு புதியவர்களில் அறுபது பேர் ‘குடும்பக் கதை’யைத் தொடுகிறார்கள், பத்துப் பேர் ‘சமையல்’ தொடுகிறார்கள். சமையலைத் தொட்டவர் தன்னைப் பற்றி நிறையச் சொல்லிவிட்டார். குடும்பக் கதையைத் தொட்டவர், பெரும்பாலோர் செய்வதைத்தான் செய்திருக்கிறார். இந்த வேறுபாட்டை எண்ணாக்க, மொத்தப் பேரைத் தொட்டவர்களால் வகுத்து இயல் லாகரிதம் எடுப்போம். குடும்பக் கதைக்கு 0.51, சமையலுக்கு 2.30 வரும். கிட்டத்தட்ட நான்கரை மடங்கு. இதை அப்படியே பயன்படுத்தினால் அரிதான தலைப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதனால் பாதி எடையை அவர் தொட்ட எல்லாத் தலைப்புக்கும் சமமாகப் பிரித்துவிட்டு, மறுபாதியை மட்டும் இந்தக் கணக்கால் பிரிப்போம். அறுபது பேர் தொடுகிற தலைப்பைக் கண்டால் எடையைக் குறைப்பதோடு நிற்கக் கூடாது, அந்தத் தலைப்பையே உடைக்க வேண்டும். ‘கூட்டுக் குடும்பம்’, ‘திருமணத்துக்குப் பின் காதல்’, ‘மாமியார் மருமகள்’ என்று பிரித்தால் அதே தொடுதல் அதிகம் சொல்ல ஆரம்பிக்கிறது.

கட்டங்களின் வரிசையும் முக்கியம். முதல் இரண்டு வரிசையில் இருப்பவை கூடுதலாகத் தொடப்படும், ஸ்க்ரோல் செய்து பார்க்க வேண்டியவை பின்தங்கும். வரிசை எல்லோருக்கும் ஒன்றாகவே இருந்தால், ஆன்மிகத்தைத் தொட்டவர் அதை விரும்பித் தொட்டாரா, மேலே இருந்ததால் தொட்டாரா என்று எந்தக் கணக்காலும் பிரிக்க முடியாது. ஆளுக்கொரு வரிசையாகக் கலைத்துக் காட்டி, எந்த இடத்தில் காட்டினோம் என்பதையும் குறித்து வைத்தால்தான் அந்த டேட்டா பின்னால் உதவும். சிலர் இருபத்து நான்கில் இருபதைத் தொட்டுவிடுவார்கள். அவர்கள் ஒன்றுமே தேர்ந்தெடுக்கவில்லை என்று ஒதுக்கிவிடுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர்கள் விட்ட நான்கைப் பாருங்கள், அங்கேதான் அவர்கள் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இருபதைத் தொட்டவர் விட்ட நான்கில் பேய்க்கதையும் இருந்தால், முதல் பக்கத்தில் பேய்க்கதை வராமல் இருப்பதே அவருக்கு நாம் செய்யக்கூடிய நல்ல பரிந்துரை.

இனி தலைப்பிலிருந்து கதைக்கு வருவோம். சரித்திரம் என்று டேக் போட்ட கதைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது எதைக் காட்டுவது? அதிகம் படிக்கப்பட்டதை என்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் பதில். ஆப் முழுவதும் அதிகம் படிக்கப்பட்ட சரித்திரப் படைப்பு எது என்று எடுத்தால், நீண்ட தொடர்கதை ஒன்றின் அண்மை அத்தியாயம் வந்து நிற்கும். அத்தியாயம் வெளியான அன்று அதன் வாடிக்கை வாசகர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் திறப்பதால் அப்படி ஆகிறது. ஆசிரியர் குழுவிலிருந்த ஒரு அக்கா சோதனைப் பட்டியலைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: “ஏன் தம்பி, இன்னைக்குத்தான் வந்தவங்களுக்கு எண்பத்தேழாவது அத்தியாயத்தைக் காட்டினா யார் உள்ள போவாங்க? யார் ராஜா, யார் ஒற்றன்னே தெரியாதே!”

அவர் சொன்னதில் இந்த வேலையின் முக்கியமான விதி ஒன்று இருக்கிறது. பழைய வாசகர்கள் எதை விரும்புகிறார்கள் என்ற எண்ணிக்கை புதியவருக்கு உதவாது. புதியவர்கள், தங்கள் முதல் வருகையில், எதைத் திறந்து எதை முடித்தார்கள் என்பதை மட்டும் தனியாக எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் பட்டியலே வேறாகிவிடுகிறது. தொடர்களின் முதல் அத்தியாயங்களும், பத்து நிமிடத்தில் முடிகிற சிறுகதைகளும் மேலே வருகின்றன. பெரிய பெயரெடுத்த தொடர்கள் சில, முதல் அத்தியாயத்தில் மெதுவாகத் தொடங்குவதால், கீழே போய்விடுகின்றன.

ஆனால் புதியவர்களின் முதல் வருகையை மட்டும் எண்ணும்போது எண்கள் சிறியவை ஆகிவிடும். மூன்று பேர் திறந்து மூன்று பேரும் முடித்த கதைக்கு நூற்றுக்கு நூறு. நானூறு பேர் திறந்து நூற்றெண்பது பேர் முடித்த கதைக்கு நாற்பத்தைந்து. முதல் கதை சிறந்தது என்று யாரும் நம்பமாட்டோம், ஆனால் கணினி நம்பிவிடும். அதற்காக ஒவ்வொரு கதைக்கும் அதன் தலைப்பின் சராசரியைக் கொஞ்சம் கடனாகக் கொடுத்துத் தொடங்குவோம்:

```
score = (c + k*m) / (n + k)
```

இதில் `n` திறந்தவர்கள், `c` முடித்தவர்கள், `m` தலைப்பின் சராசரி, `k` எத்தனை பேர் அளவுக்குக் கடன் கொடுக்கிறோம் என்பது. சராசரி 20 சதவீதம், `k` 50 என்று வைத்தால், மூன்று பேர் படித்த கதைக்கு 24.5 சதவீதமும், நானூறு பேர் படித்த கதைக்கு 42.2 சதவீதமும் வரும். சிறிய எண் சராசரிப் பக்கம் இழுபடுகிறது, பெரிய எண் தன் இடத்திலேயே நிற்கிறது.

இதுவும் போதாது. இந்த ஸ்கோர், கதை நல்ல கதையா என்று சொல்கிறதே தவிர, இந்தத் தலைப்பைத் தொட்டவருக்கு நல்ல கதையா என்று சொல்வதில்லை. டேக்கை நம்பி அதைத் தீர்மானிக்க முடியாது, ஏனென்றால் டேக் போடுபவர் எழுத்தாளர். அதிகம் பேர் பார்க்க வேண்டும் என்பதற்காக ஒரே காதல் கதைக்குச் சரித்திரம், குடும்பம், மர்மம் என எல்லா டேக்கும் போடுவார்கள். இங்கே நமக்கு உதவுபவர்கள் முன்னால் வந்த புதியவர்கள்தான். பேய்க்கதையைத் தொட்டுவிட்டு உள்ளே வந்தவர்கள் ஒரு கதையை எந்த விகிதத்தில் முடித்தார்கள், எல்லாப் புதியவர்களையும் சேர்த்தால் என்ன விகிதம் என்று இரண்டையும் ஒப்பிடுவோம். பொதுவில் 30 சதவீதம் பேர் முடிக்கும் கதையைப் பேய்க்கதை தொட்டவர்களில் 45 சதவீதம் பேர் முடித்தால், அந்தக் கதை ஒன்றரை மடங்கு அவர்களுடையது. பொதுவில் 40, அவர்களிடம் 41 என்றால், டேக் என்ன சொன்னாலும் அது எல்லோருக்குமான கதை. எழுத்தாளர் மர்மம் என்று மட்டுமே போட்ட கதை பேய்க்கதை வாசகர்களிடம் ஒன்றரை மடங்கு எடுப்பதும் உண்டு. தலைப்பின் உண்மையான எல்லை எது என்பதை இந்த ஒப்பீடு வரைந்து காட்டுகிறது. எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மூன்று தலைப்புகளைச் சேர்த்தே இப்படிப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். இருபத்து நான்கில் மூன்றைத் தேர்ந்தெடுக்க 2024 வழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு கூட்டுக்கும் போதுமான ஆட்கள் கிடைக்கமாட்டார்கள். அதனால் ஒவ்வொரு தலைப்பையும் தனியாகக் கணக்கிட்டு, கடைசியில் சேர்ப்போம்.

சேர்க்கும் இடத்தை ஒரு வாசகரை வைத்துப் பார்க்கலாம். ஒருவர் சரித்திரம், சமையல், பேய்க்கதை மூன்றையும் தொடுகிறார். நூறு பேரில் முறையே முப்பது, பத்து, இருபத்தைந்து பேர் தொடுகிற தலைப்புகள் என்று கொள்வோம். மேலே சொன்ன எடைக் கணக்கைப் போட்டு, பாதியைச் சமமாகப் பிரித்தால், சரித்திரத்துக்கு 29, சமையலுக்கு 40, பேய்க்கதைக்கு 31 சதவீதம் வரும். பத்து இடங்களில் எட்டை இவற்றுக்குப் பங்கிட்டால் சரித்திரத்துக்கு இரண்டு, சமையலுக்கு மூன்று, பேய்க்கதைக்கு மூன்று. மீதி இரண்டில் ஒன்று, தலைப்பு எதுவானாலும் புதியவர்கள் அதிகம் முடிக்கும் கதை. இன்னொன்று, இன்னும் யாரும் அதிகம் பார்க்காத புதிய கதை. அந்தக் கடைசி இடம் இல்லையென்றால் பட்டியல் நாளடைவில் ஒரே கதைகளையே சுற்றிவரும். காட்டியதைத்தான் படிப்பார்கள், படித்ததைத்தான் திரும்பக் காட்டுவோம்.

ஏன் இப்படி இடம் ஒதுக்க வேண்டும், எல்லாக் கதைகளையும் ஸ்கோர் வரிசையில் அடுக்கினால் ஆகாதா என்று புதிதாக வேலைக்கு வரும் ஒவ்வொருவரும் கேட்பார்கள். சமையல் குறிப்பு இரண்டு நிமிடத்தில் படித்து முடிகிற சமாசாரம், திறந்தவர்களில் பெரும்பாலோர் கடைசிவரை போய்விடுவார்கள். சரித்திர நாவலின் முதல் அத்தியாயத்தைப் பாதியில் விடுபவர்களே அதிகம். ஒரே அளவுகோலில் இரண்டையும் நிறுத்தினால் பத்து இடத்திலும் வத்தக்குழம்பும் வெண்டைக்காய்ப் பொரியலும்தான் இருக்கும். கதைகளைத் தலைப்புக்குள்ளேதான் ஒப்பிட வேண்டும். அளவுகோலையே தலைப்புக்கு ஏற்ப மாற்றுவது இன்னும் நல்லது. சமையல் குறிப்பைக் கடைசிவரை பார்த்தார் என்பதைவிடச் சேமித்து வைத்தார் என்பது ஆயிரம் மடங்கு மேலான அறிகுறி. சேமித்தவர் மறுபடி வந்து அதைத் திறப்பார்.

வரிசையில் இன்னொரு கவனம் தேவை. போனில் ஸ்க்ரோல் செய்யாமல் கண்ணில் படுவது மூன்று நான்கு கதைகள். தொட்ட மூன்று தலைப்பிலிருந்தும் ஒவ்வொன்றாவது அதற்குள் வந்துவிட வேண்டும். இப்போதுதான் கேட்டார்கள், இப்போதுதான் சொன்னேன், சொன்னது எங்கே என்று வாசகர் தேடும்படி வைக்கக் கூடாது. கதையின் மேல் சின்ன எழுத்தில் எந்தத் தலைப்பிலிருந்து வந்தது என்று போட்டுவிடுவது நல்ல பழக்கம்.

சிறிய தலைப்புகளுக்கு இந்தக் கணக்குகள் தடுமாறும். ஈழத்து எழுத்து என்று ஒரு தலைப்பு வைத்திருந்தோம். தொடுகிறவர்கள் குறைவு, ஆனால் தொட்டவர்கள் அதைத் தேடியே வந்தவர்கள். இத்தகைய தலைப்புக்குச் சொந்தச் சராசரியே உறுதியாகத் தெரியாது, அதனால் அதற்கு மேலே இருக்கும் பெரிய தலைப்பான இலக்கியச் சிறுகதையிடமிருந்து கடன் வாங்க வேண்டியிருக்கும். கடன் வாங்கும்போது எண்ணை மட்டும் வாங்க வேண்டும், கதைகளை வாங்கக் கூடாது. கதைகளையும் சேர்த்து வாங்கினால், பெரிய தலைப்பில் ஸ்கோர் அதிகமுள்ள கதைகள் முன்னால் வந்து நிற்கும். யாழ்ப்பாணத்தையோ மலையகத்தையோ தேடி வந்தவருக்கு மதுரையும் கோவையும் காட்டுவோம். எண்ணிக்கை குறைந்த தலைப்பில்தான் வாசகர் மிகத் தெளிவாகச் சொல்கிறார், பொதுவான கணக்கு அங்கேதான் அவரை முதலில் கைவிடுகிறது. அங்கெல்லாம் அந்த அக்காவின் கைப்பட்டியலையே முன்னால் வைத்தோம். ஒவ்வொரு சிறிய தலைப்புக்கும் இருபது கதைகள் அவர் படித்துத் தேர்ந்து தருவார். முந்தைய டேட்டா எதுவும் இல்லாதபோது, படித்தவர் ஒருவரின் தேர்வுக்கு ஈடான கணக்கை நான் பார்த்ததில்லை.

சொல்வதும் படிப்பதும் வேறாக இருக்கும் தலைப்புகளும் உண்டு. சரித்திரமும் தன்முன்னேற்றமும் அப்படி. நிறையப் பேர் தொடுவார்கள், ஆனால் தொட்டவர்கள் அவற்றை முடிக்கும் விகிதம், தொடாதவர்களின் விகிதத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை. படிக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறார்கள், இரவு பத்து மணிக்குப் போனைத் திறக்கும்போது மனம் வேறொன்றைக் கேட்கிறது. இத்தகைய தலைப்பைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவது அவர் சொன்னதை மறுப்பதாகும். இடத்தைச் சற்றுக் குறைத்து, அந்த இடத்தில் மிகச் சிறியதை, எளிதாக உள்ளே இழுக்கிற முதல் அத்தியாயத்தை வைப்போம்.

அவர் படிக்க ஆரம்பித்ததும், தொட்ட தலைப்புகளுக்கு இருந்த எடை எவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும்? இங்கே நாங்கள் வைத்திருந்த முறை எளிமையானது. தொட்ட ஒவ்வொரு தலைப்புக்கும், ஏற்கெனவே கொஞ்சம் படித்துவிட்டார் என்பதுபோலக் கற்பனையாகச் சில புள்ளிகளை முதலிலேயே போட்டுவிடுவோம். கதை ஒன்றை முடித்தால் அந்தத் தலைப்புக்கு இரண்டு புள்ளி. தொடக்கத்தில் தலைப்புக்கு ஐந்து என்றால், நம் வாசகரிடம் மொத்தம் பதினைந்து. அவர் இரண்டு பேய்க்கதைகளை முடித்ததும் அது ஒன்பதாகி, பத்தொன்பதில் ஒன்பது, அதாவது 47 சதவீதம் ஆகும். மற்ற இரண்டும் 26 சதவீதத்தில் நிற்கும். தொடக்கத்தில் ஒரே ஒரு புள்ளி கொடுத்திருந்தால், ஒரே பேய்க்கதையை முடித்ததுமே அது ஐந்தில் மூன்றாகி 60 சதவீதத்தைப் பிடித்துவிடும். அட்டைப்படம் பார்த்து ஆர்வத்தில் திறந்த ஒரு கதை அவருடைய முகப்பையே மாற்றிவிடும், சமையலுக்காக வந்தவர் அடுத்த நாள் திறந்தால் எங்கும் பேய் முகம். மாறாக ஐம்பது புள்ளி கொடுத்தால் பல கதைகளை முடித்த பிறகும் பட்டியல் அதிகம் அசையாது. எத்தனை புள்ளி சரி என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. பழைய வாசகர்களின் முதல் வாரத்தை எடுத்து, ஒவ்வொரு எண்ணாக வைத்துப் பார்த்து, அவர்கள் அடுத்துப் படித்ததை எது நன்றாகச் சொல்கிறதோ அதை வைத்துக்கொள்வோம். தலைப்புக்குத் தலைப்பு அது மாறும். சமையலைத் தொட்டவர் சொல்லில் நிற்பார், அதற்குப் புள்ளி கூடுதல். தன்முன்னேற்றத்துக்குக் குறைவு.

இவ்வளவும் செய்த பிறகும், வாசகர் தொட்டது பட்டியலுக்குள் உண்மையிலேயே போய்ச் சேர்கிறதா என்று தனியாகச் சோதிக்க வேண்டும். கையாலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தேர்வுகளோடு இரண்டு கணக்குகள் தொடங்கி, ஒன்றில் ஆன்மிகமும் சமையலும், மற்றதில் பேய்க்கதையும் அறிவியலும் தொட்டு, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. பத்தில் ஆறேழு கதைகள் ஒன்றாக இருந்தால், எங்கோ ஓரிடத்தில் பொதுப் புகழ் தலைப்பை அமுக்கிவிட்டது என்று பொருள். அடுத்தது டேட்டாவில் செய்வது. பழைய பதிவுகளில் வாசகர்களின் தேர்வுகளை ஆளுக்கு ஆள் மாற்றிப் போட்டுவிட்டு, கணக்கை மறுபடி ஓட்டிப் பார்ப்போம். ஒருவர் தொட்டதை இன்னொருவர் தொட்டதாக மாற்றியும் ஊகத்தின் தரம் குறையவில்லையென்றால், அந்தத் தேர்வுகளை நாம் பயன்படுத்தவே இல்லை.

மூன்றாவது, நேரடி ஒப்பீடு. இருபது புதியவர்களில் ஒருவருக்கு, அவர் எதைத் தொட்டிருந்தாலும், பொதுவான பட்டியலையே காட்டுவோம். மற்றவர்களோடு அவரை ஒப்பிடும்போது எத்தனை கதையைத் திறந்தார் என்று பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் பரபரப்பான தலைப்பும் படமும் எந்தப் பட்டியலிலும் திறக்க வைத்துவிடும். ஒரு கதையையாவது முடித்தாரா, ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தாரா என்பதுதான் கேள்வி. மொத்தமாகப் பார்த்தால் இரண்டு பிரிவுக்கும் வேறுபாடு சின்னதாகத் தெரியலாம், ஏனென்றால் குடும்பக் கதை தொட்ட பெருங்கூட்டத்துக்குப் பொதுப் பட்டியலே ஓரளவு பொருந்திவிடும். தலைப்புவாரியாகப் பிரித்துப் பார்த்தால், அரிதான தலைப்பைத் தொட்டவர்களிடம்தான் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அதனால் எந்த மாற்றத்தையும் அந்தச் சிறிய தலைப்புகளில் என்ன ஆயிற்று என்று பார்க்காமல் வெளியே விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருந்தேன். மொத்தச் சராசரி உயர்ந்து, ஈழத்து எழுத்தைத் தொட்டவர்கள் திரும்பி வருவது குறைந்திருந்தால், அந்த மாற்றம் எங்கள் குழுவில் நின்றுவிடும்.

சில வாசகர்கள் பல மாதம் கழித்து அமைப்புப் பக்கத்துக்குப் போய்த் தலைப்புகளை மாற்றுவார்கள். அப்போது பழைய புள்ளிகளைத் துடைத்துவிடுவதில்லை. புதிதாகத் தொட்டதற்கு, முதல் நாள் கொடுத்ததைவிடக் கூடுதலாகவே புள்ளி கொடுப்போம். ஆப்பை அறிந்த பிறகு, யாரும் கேட்காமல், தானே தேடிப் போய்ச் சொன்ன தேர்வு அது.